செலவு கூடியதா குறைந்ததா? பதில், எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது

சந்தைப்படுத்தல் திட்டங்களில் கடைசியாக வருவது கட்டுப்பாட்டுப் பகுதி. பல திட்டங்களில் அது அரைப் பக்கத்தைத் தாண்டுவதில்லை. 'மாதந்தோறும் ஆய்வு செய்யப்படும். செலவு பத்து சதவீதத்துக்கு மேல் விலகினால் உரிய நடவடிக்கை எடுக்கப்படும்' என்ற இரண்டு வரிகளோடு முடிந்துவிடும். எதிலிருந்து விலகினால் என்பதும் உரிய நடவடிக்கை எது என்பதும் அதில் இருக்காது. இந்த இரண்டில் முதல் கேள்விதான் கடினமானது. அதற்குப் பதில் சொல்ல நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன. ஒரே காலாண்டின் கணக்கை மூன்று வழிகளிலும் பார்த்தால் மூன்று வெவ்வேறு தீர்ப்புகள் கிடைக்கும். அவற்றுள் எதைத் தேர்வது என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மரச்செக்கு நல்லெண்ணெயைத் தன் இணையதளம் வழியாக விற்று வீட்டுக்கே அனுப்பும் ஒரு சிறு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டுக்கு அவர்கள் போட்ட திட்டம் இது: சந்தைப்படுத்தலுக்கு 6,00,000 ரூபாய் செலவிட வேண்டும், 2,000 புதிய வாடிக்கையாளர்கள் வர வேண்டும். காலாண்டு முடிந்தபோது செலவு 5,22,000 ரூபாய். வந்தவர்கள் 1,500 பேர்.

முதல் வழி, நிலையான பட்ஜெட். திட்டமிட்ட தொகையையும் செலவான தொகையையும் நேருக்கு நேர் வைத்துக் கழிப்பது. 78,000 ரூபாய் மிச்சம் என்று விடை வருகிறது. கணக்குப் பிரிவு மகிழ்ச்சியடையும். அடுத்த ஆய்வுக் கூட்டத்தில் செலவைப் பற்றி ஒரு கேள்வியும் எழாது. ஆனால் 500 வாடிக்கையாளர்கள் வரவில்லை. வராதவர்களுக்குத் தள்ளுபடியும் தர வேண்டியதில்லை, பார்சலும் அனுப்ப வேண்டியதில்லை; அதனால் பணம் மிஞ்சியிருக்கிறது. இதை மிச்சம் என்று அழைப்பது, கடையைத் திறக்காத நாளில் மின் கட்டணம் குறைந்தது என்று மகிழ்வதைப் போன்றது.

இரண்டாவது வழி, தலைக்கு இவ்வளவு என்று பார்ப்பது. திட்டப்படி ஒரு புதிய வாடிக்கையாளருக்கு 300 ரூபாய். 1,500 பேருக்கு 4,50,000 ரூபாய்தான் ஆகியிருக்க வேண்டும், ஆனது 5,22,000. ஆகவே 72,000 ரூபாய் கூடுதல் செலவு. இணைய விளம்பரம் செய்யும் நிறுவனங்களில் இன்று அதிகம் புழங்கும் அளவுகோல் இதுதான். ஒரே எண்ணில் எல்லாம் அடங்கிவிடுவதால் முதலாளிக்கும் பிடிக்கிறது, விளம்பர முகவருக்கும் பிடிக்கிறது. ஆனால் இது நியாயமில்லாத அளவுகோல். அந்த 6,00,000 ரூபாயில் 2,40,000 ரூபாய், வாடிக்கையாளர் எத்தனை பேர் வந்தாலும் மாறாத செலவு: முகவரின் மாதக் கட்டணம், பொருள்களைப் படம் எடுத்த செலவு, இணையதளப் பராமரிப்பு. 1,500 பேர்தான் வந்தார்கள் என்பதற்காகப் படம் எடுத்தவர் கால்வாசிப் பணத்தைத் திருப்பித் தர மாட்டார். ஆள் குறைந்தாலே தலைக்கான செலவு தானாக ஏறும். அதைப் பார்த்து 'விளம்பரம் வீணாகிறது' என்று முடிவு கட்டினால் குற்றம் இல்லாத இடத்தில் தண்டனை விழும்.

மூன்றாவது வழி, நெகிழ்வான பட்ஜெட். செலவை முதலிலேயே இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். மாறாத செலவு 2,40,000 ரூபாய். மாறும் செலவு, ஆளுக்கு 180 ரூபாய். அதில் விளம்பரம் 110, முதல் ஆர்டர் தள்ளுபடி 40, மாதிரி பாட்டிலும் பார்சலும் 30. வந்தவர்கள் 1,500 பேர் என்றால், அந்த அளவுக்கு அனுமதிக்கத்தக்க செலவு 2,40,000-உடன் 2,70,000, ஆக மொத்தம் 5,10,000 ரூபாய். ஆனது 5,22,000. மாறுபாடு 12,000 ரூபாய் மட்டுமே, பாதகமாக.

முதல் வழி 78,000 மிச்சம் என்றது. இரண்டாவது 72,000 அதிகம் என்றது. மூன்றாவது, செலவில் பெரிய கோளாறு இல்லை, ஆள் வராததுதான் பிரச்சினை என்கிறது. என் தேர்வு மூன்றாவதுதான். அது சரியான விடையைத் தருவது மட்டும் காரணம் அல்ல. அடுத்து எங்கே தோண்ட வேண்டும் என்பதையும் அதுதான் காட்டும். மாறும் செலவை வரி வரியாகப் பிரித்துப் பாருங்கள்.

| செலவு | 1,500 பேருக்கு அனுமதி | ஆனது | மாறுபாடு |
|---|---|---|---|
| விளம்பரம் | 1,65,000 | 1,92,000 | 27,000 அதிகம் |
| முதல் ஆர்டர் தள்ளுபடி | 60,000 | 48,000 | 12,000 குறைவு |
| மாதிரி, பார்சல் | 45,000 | 42,000 | 3,000 குறைவு |

மொத்தத்தில் 12,000 என்று சிறியதாகத் தெரிந்தது, உள்ளே 27,000 ஆகவும் அதை ஈடுகட்டிய இரண்டு குறைவுகளாகவும் பிரிகிறது. மொத்தத்தின் மீது மட்டும் பத்து சதவீத வரம்பு வைத்திருந்தால் எந்த எச்சரிக்கையும் வந்திருக்காது. மாறுபாடு மூன்று சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. வரம்பை ஒவ்வொரு வரிக்கும் தனியாக வைக்க வேண்டும் என்பது இதனால்தான். அதுவும் இரண்டு பக்கமும் வைக்க வேண்டும். விளம்பரம் 16 சதவீதம் மேலே போயிருக்கிறது. தள்ளுபடி 20 சதவீதம் கீழே வந்திருக்கிறது. கீழே வந்ததை யாரும் விசாரிப்பதில்லை. இந்தக் கதையில் துப்பு இருப்பது அங்கேதான்.

முதலில் விளம்பரத்தைப் பார்ப்போம். திட்டத்தில், ஒரு கிளிக்குக்கு 5.50 ரூபாய், இருபது கிளிக்குக்கு ஒரு வாடிக்கையாளர் என்று வைத்திருந்தார்கள். அதாவது 40,000 கிளிக்குக்கு 2,000 பேர். நடந்ததோ, 40,000 கிளிக் அப்படியே வந்துவிட்டது. ஒரு கிளிக் 4.80 ரூபாய்க்கே கிடைத்தது. விலையில் மட்டும் 28,000 ரூபாய் சாதகம். ஆனால் 1,500 பேருக்கு 30,000 கிளிக் போதுமானதாக இருந்திருக்க வேண்டும். 10,000 கிளிக் கூடுதலாகச் செலவாகியிருக்கிறது. அதைத் திட்ட விலையில் பெருக்கினால் 55,000 ரூபாய் பாதகம். இரண்டையும் சேர்த்தால் அந்த 27,000 கிடைக்கும்.

இப்படிப் பிரிக்காமல், ஒரு கிளிக்கின் விலையை மட்டும் முக்கியக் குறிகாட்டியாக வைத்திருந்தால், இந்தக் காலாண்டு முழுவதும் திரையில் பச்சை நிறம்தான் தெரிந்திருக்கும். விளம்பர முகவர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார், விலையையும் குறைத்திருக்கிறார். கோளாறு விளம்பரத்துக்குப் பிறகு எங்கோ இருக்கிறது. இங்கே ஒரு மாற்றுச் சந்தேகத்துக்கும் இடம் தர வேண்டும்: கிளிக் மலிவானதே, பொருளை வாங்காத கூட்டத்துக்கு விளம்பரம் காட்டப்பட்டதால் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய ஒரே ஒரு எண் போதும். உள்ளே வந்தவர்களில் எத்தனை பேர் பொருளைக் கூடையில் போட்டார்கள்? திட்டத்தில் அது 4,000. நடந்ததும் 4,000. ஆக, வந்தவர்கள் வாங்கும் எண்ணத்தோடுதான் வந்தார்கள். கூடையில் போட்டவர்களில் பாதிப் பேர் பணம் கட்டியிருக்க வேண்டும். 1,500 பேர்தான் கட்டினார்கள். பணம் கட்டும் பக்கத்தில் ஏதோ நடந்திருக்கிறது.

இப்போது அந்தத் தள்ளுபடி வரிக்கு வாருங்கள். ஆளுக்கு 40 ரூபாய் என்றால் 48,000 ரூபாய்க்கு 1,200 பேர். அதாவது 300 பேர் தள்ளுபடியே இல்லாமல் வாங்கியிருக்கிறார்கள். புதிதாக வருபவர் தள்ளுபடியை வேண்டாம் என்று சொல்வாரா? தேடிப் பார்த்தால், ஜூலைத் தொடக்கத்தில் யாரோ கூப்பனுக்கான குறைந்தபட்சக் கொள்முதலை 400 ரூபாயிலிருந்து 800 ரூபாய்க்கு உயர்த்தியிருக்கிறார்கள். முன்பு ஒரு லிட்டர் பாட்டில் ஒன்று வாங்கினாலே செல்லுபடியான கூப்பன், இப்போது இரண்டு பாட்டில் வாங்கினால்தான் செல்லும். புது எண்ணெயை முதலில் ஒரு பாட்டில் வாங்கிப் பார்ப்பதுதான் நம் வீடுகளின் வழக்கம். அப்படி வந்தவர்கள் கடைசிப் பக்கத்தில் 'கூப்பன் செல்லாது' என்ற சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் வெளியேறிவிட்டார்கள். இரண்டு பாட்டில் வாங்கும் 1,200 பேர் வழக்கம்போல வாங்கினார்கள். ஒற்றைப் பாட்டில் வாங்கும் 800 பேரில் 300 பேர் தள்ளுபடி இல்லாமலே வாங்கினார்கள், 500 பேர் போய்விட்டார்கள். காணாமல் போன 500 இதுதான். 'சாதகம்' என்று எழுதியிருந்த 12,000 ரூபாய்க்குப் பின்னால் இருந்ததும் இதுதான்.

நிஜத்தில் எண்கள் இவ்வளவு சுத்தமாகப் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு மூன்று காரணங்கள் கலந்தே வரும். ஆனால் தேடும் வரிசை இதுவேதான்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான கேள்வி எழும். இதைக் காலாண்டு முடிந்த பிறகு கண்டுபிடித்து என்ன பயன்? கட்டுப்பாட்டுப் பகுதியின் அடுத்த தேர்வு அதுதான்: எவ்வளவு அடிக்கடி பார்ப்பது. தினமும், வாரந்தோறும், மாதந்தோறும் என்று மூன்று பழக்கங்கள் உண்டு. தினமும் பார்ப்பது கவனமான நிர்வாகம் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த அளவு விற்பனைக்கு அது தீங்குதான் செய்யும். காரணம் எளிய கணிதம். நாளுக்குச் சுமார் 440 கிளிக் வருகிறது. நூற்றுக்கு ஐந்து பேர் என்றால் 22 ஆர்டர். ஆனால் எந்தக் கோளாறும் இல்லாத நிலையிலேயே, தற்செயலாக மட்டும், ஒரு நாள் 13 ஆர்டரும் ஒரு நாள் 31 ஆர்டரும் வருவது இயல்பு. 14 ஆர்டர் வந்த நாளில் பதறி விளம்பரத்தை மாற்றுபவர், இல்லாத நோய்க்கு மருந்து கொடுக்கிறார். மருந்து கொடுத்த மறுநாள் 24 வந்துவிட்டால், மருந்து வேலை செய்தது என்றும் நம்பிவிடுவார்.

வாரக் கணக்கில் இந்த ஆட்டம் அடங்கிவிடுகிறது. வாரத்துக்குச் சுமார் 3,080 கிளிக், எதிர்பார்க்கும் ஆர்டர் 154. தற்செயல் ஏற்ற இறக்கம் இதில் இரு பக்கமும் 24 வரை போகும். ஆகவே 130-க்குக் கீழே இறங்கினால் கவனிக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு வாரம் இறங்கினால் அது தற்செயல் அல்ல என்று எடுத்துக்கொள்ளலாம். நம் கதையில் கூப்பன் மாறிய பிறகு வார ஆர்டர் சுமார் 115. பெரும்பாலும் ஜூலை நடுவிலேயே மணி அடித்திருக்கும். மாதக் கணக்கு வைத்திருந்தால் ஆகஸ்ட் முதல் வாரத்தில்தான் தெரிந்திருக்கும். அதற்குள் ஆடி மாதத்தின் பாதி போயிருக்கும். வாரமே என் தேர்வு. ஒரு எச்சரிக்கை: 130 என்பது 3,080 கிளிக்குக்கான எல்லை. விளம்பரத்தைக் குறைத்த வாரத்தில் அந்த எல்லையும் இறங்க வேண்டும்.

குறிகாட்டிகளும் அதிகம் தேவையில்லை. வாரந்தோறும் பார்க்க இரண்டு: நூறு கிளிக்குக்கு எத்தனை ஆர்டர், நூறு கூடைக்கு எத்தனை பேர் பணம் கட்டினார்கள். காலாண்டுக்கு ஒன்று: முதல் முறை வாங்கியவர்களில் அறுபது நாள்களுக்குள் மறுபடி வாங்கியவர்கள் எத்தனை பேர். ஒவ்வொன்றுக்கும் வரையறையைத் திட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும். குறிப்பாக, புதிய வாடிக்கையாளரை எப்போது எண்ணுவது? ஆர்டர் போட்டபோதா, பார்சலை வாங்கிப் பணம் கொடுத்தபோதா? பொருள் வந்ததும் பணம் தரும் முறையில், வாசல் வரை போய்த் திரும்பும் பார்சல்கள் உண்டு. விளம்பரப் பிரிவு ஆர்டரை எண்ணும்; கணக்குப் பிரிவு பணத்தை எண்ணும். இருவரும் ஒரே கூட்டத்தில் இரண்டு எண்களோடு உட்கார்ந்தால் அந்த நாள் வீண். வரியும் அப்படித்தான். பட்ஜெட்டை ஜிஎஸ்டி இல்லாமல் போட்டுவிட்டு, விளம்பரச் செலவை 18 சதவீத ஜிஎஸ்டியோடு பதிந்தால், ஒன்றுமே நடக்காமல் 18 சதவீத மாறுபாடு முளைத்துவிடும்.

இனி மாற்று நடவடிக்கைக்கு வருவோம். ஆர்டர் குறைந்துவிட்டது என்று தெரிந்த அந்த வாரத்தில் மேசைமேல் மூன்று யோசனைகள் வரும். விளம்பரத்தைக் கால்வாசி வெட்டு. தள்ளுபடியை 80 ரூபாயாக உயர்த்து. கூப்பன் விதியைப் பழையபடி வை. மூன்றையும் ஒரே தராசில் வைக்க, ஒரு வாடிக்கையாளர் ஓராண்டில் தரும் பங்களிப்பு தெரிய வேண்டும். அதாவது எண்ணெய், பாட்டில் செலவு போக மிஞ்சுவது. அது சராசரியாக 450 ரூபாய் என்று கொள்வோம்.

விளம்பரத்தை வெட்டினால் காலாண்டுக்கு 48,000 ரூபாய் மிஞ்சும். ஒவ்வொரு வாடிக்கையாளரையும் இழக்கும்போது, இந்தக் காலாண்டில் ஆளுக்குச் சராசரியாக ஆன தள்ளுபடி 32 ரூபாயும் மாதிரி, பார்சல் 28 ரூபாயும் போக 390 ரூபாய் போகும். ஆகவே 123 பேருக்கு மேல் இழக்காவிட்டால்தான் இந்த வெட்டு லாபம். விகிதப்படி போனால் 375 பேரை இழப்போம். வெட்டப்படுவது பலன் குறைந்த விளம்பரம் என்பதால் இழப்பு அதைவிடக் குறையலாம். ஆனாலும் 123-க்குள் நிற்கும் என்று நம்ப எந்த ஆதாரமும் இல்லை. செலவு கூடியதாகத் தெரிந்தவுடன் முதலில் எழும் யோசனை இதுவாக இருப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. இரண்டாவது வழி அளவுகோலைப் பயன்படுத்துபவர்கள் நேராக இங்கேதான் வந்து சேர்கிறார்கள்.

தள்ளுபடியை இருமடங்காக்கினால், எப்படியும் வாங்கியிருக்கக்கூடிய 1,500 பேருக்கும் சேர்த்துத் தர வேண்டியிருக்கும். ஆளுக்கு 80 வீதம் 1,20,000 ரூபாய்; இப்போது தரும் 48,000 போகக் கூடுதல் செலவு 72,000 ரூபாய். புதிதாக வரும் ஒவ்வொருவரும் 342 ரூபாய் தருவார் என்பதால், 211 பேர் கூடுதலாக வந்தால்தான் கட்டும். தள்ளுபடியைத் திரும்பக் குறைப்பது ஏற்றுவதைப் போல எளிதல்ல என்பது இந்தக் கணக்குக்குள் வராத செலவு.

கூப்பன் விதியைத் திருப்பினால் கூடுதல் செலவு 12,000 ரூபாய்தான். ஒற்றைப் பாட்டில் வாங்குபவரின் பங்களிப்பு சராசரியில் பாதி, 225 ரூபாய் என்றே வைத்தாலும், தள்ளுபடியும் பார்சலும் போக 157 ரூபாய் நிற்கும். 77 பேர் திரும்பி வந்தால் போதும். போனவர்கள் 500 பேர். இதில் யோசிக்க எதுவும் இல்லை. ஆனால் காரணம் தெரிந்ததால்தான் இந்த மூன்றாவது யோசனையே மேசைக்கு வந்தது. காரணம் தேடாமல் கூட்டம் போட்டிருந்தால் முதல் இரண்டுக்குள்தான் சண்டை நடந்திருக்கும்.

அதனால் மாற்று நடவடிக்கையை எழுதும்போது, நேராக 'விளம்பரத்தைக் குறைப்போம்' என்று எழுதுவதைவிட, முதல் படியாக ஒரு பரிசோதனையை எழுதுவது நல்லது. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: 'வார ஆர்டர் தொடர்ந்து இரண்டு வாரம் 130-க்குக் கீழே இருந்தால், இணைய விற்பனைப் பொறுப்பாளர் இரண்டு வேலை நாள்களுக்குள் கூடையிலிருந்து பணம் கட்டுவது வரை புதிய வாடிக்கையாளராக நின்று தானே ஒரு ஆர்டர் போட்டுப் பார்ப்பார், அந்த மாதம் விலை, கூப்பன், பார்சல் கட்டணம் ஆகியவற்றில் செய்த மாற்றங்களின் பட்டியலைத் தருவார். கூடை குறையாமல் பணம் கட்டுவது மட்டும் குறைந்திருந்தால், கடைசியாகச் செய்த மாற்றம் உடனே திரும்பப் பெறப்படும். கூடையே குறைந்திருந்தால், விளம்பரம் யாருக்குக் காட்டப்படுகிறது என்பதை முகவர் மாற்றுவார். இரண்டு வாரத்தில் 130-ஐத் தாண்டாவிட்டால் ஒதுக்கீட்டு நிதியிலிருந்து 30,000 ரூபாய் வரை செலவிட நிர்வாகி முடிவெடுப்பார்.' எல்லை, ஆள், கெடு, தொகை நான்கும் இதில் இருக்கின்றன. நடவடிக்கைக்கான பணத்தைப் பட்ஜெட்டிலேயே தனி வரியாக வைக்க வேண்டும். இல்லாவிட்டால், நெருக்கடி நேரத்தில் அடுத்த காலாண்டின் தீபாவளி விளம்பரத்திலிருந்துதான் அது எடுக்கப்படும். எண்ணெய்க் குளியலுக்காக நல்லெண்ணெய் அதிகம் விற்கும் பருவம் அது.

நெகிழ்வான பட்ஜெட் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். கண்காட்சியில் கடை போடுவது, பேருந்தின் பின்பக்கம் விளம்பரம் ஒட்டுவது போன்ற செலவுகளில் ஆள் எண்ணிக்கைக்கும் தொகைக்கும் தொடர்பில்லை. அவற்றுக்கு நிலையான பட்ஜெட்டே சரி. தலைக்கான செலவும் முற்றிலும் பயனற்றது அல்ல. அடுத்த ஆண்டுக்கு எந்த ஊடகத்தில் பணம் போடுவது என்று முடிவெடுக்கும்போது, மாறாத செலவையும் சேர்த்துப் பார்க்கத்தான் வேண்டும். நெகிழ்வான பட்ஜெட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. ஆர்டர் மூவாயிரத்தைத் தாண்டினால் பார்சல் கட்ட இன்னோர் ஆள் வேண்டும்; அப்போது ஆளுக்கு 180 என்ற கணக்கு உடைந்துவிடும். அது எந்த எண்ணிக்கை முதல் எந்த எண்ணிக்கை வரை செல்லும் என்பதைப் பட்ஜெட்டின் அடியிலேயே எழுத வேண்டும்.

ஆண்டின் நடுவில் திட்டத்தைத் திருத்த நேர்ந்தால், பழைய எண்களை அழித்துவிட்டு அங்கே புதிய எண்களை இடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. 2,000 என்பதை 1,500 ஆகத் திருத்திய நிமிடத்தில் அந்த 500 பேரைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வியும் அழிந்துவிடும். திருத்திய மதிப்பீட்டுக்குத் தனி நெடுவரிசை கொடுங்கள். ஏப்ரலில் ஒப்புக்கொண்ட எண் மார்ச் 31 வரை அதன் இடத்திலேயே இருக்கட்டும்.